கேரியரை இறக்கிவிட்டால் மிச்சமாகும் வாட்: ஏஎம்மும் எஸ்எஸ்பியும்

"எஸ்எஸ்பியில ஒரு பக்கத்த வெட்டிடறாங்க, அதனாலதான் பவர் பாதி மிச்சமாகுது." சுங்கை சிப்புட்டில் அமெச்சூர் ரேடியோக்காரர்கள் நாலு பேர் ஒட்டுக்கடையில் உட்கார்ந்தால், தே தாரிக் ஆறுவதற்குள் யாராவது இதைச் சொல்லிவிடுவார்கள். கேட்பவர்களும் தலையாட்டுவார்கள். ஏஎம்மும் எஸ்எஸ்பியும் ரேடியோ அலையில் குரலை ஏற்றி அனுப்பும் இரண்டு முறைகள். முதல் பாதி உண்மை, ஒரு பக்கம் வெட்டப்படுகிறது. ஆனால் பவர் மிச்சமாவதற்கு அது முக்கியக் காரணமில்லை. மிச்சத்தில் பெரும்பங்கு வேறொரு இடத்திலிருந்து வருகிறது: நடுவில் எப்போதும் நின்றுகொண்டிருக்கும், செய்தி எதுவும் இல்லாத கேரியர் என்ற அலையை அனுப்பாமல் விடுவதிலிருந்து.

இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான், "அப்படியானால் இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டு கேரியரை மட்டும் எடுத்தால் என்ன?" என்று கேட்டால் பலருக்கும் பதில் வருவதில்லை. அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல முடிந்தால் விஷயம் புரிந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளலாம். அங்கே போய்ச் சேரத்தான் இந்தக் கட்டுரை.

## எடைமேடையில் ஒரு லோரி

செம்பனைக் குலை ஏற்றிய லோரி எண்ணெய் ஆலைக்குள் நுழையும்போது முதலில் எடைமேடையில் ஏறும். குலையைக் கொட்டிவிட்டு வெறும் லோரியாக மறுபடியும் ஏறும். இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்துக்குத்தான் காசு. லோரியின் சொந்த எடை 10 டன், குலை 5 டன் என்று வைத்துக்கொள்வோம். எரிந்த டீசலில் பெரும்பங்கு அந்த 10 டன் இரும்பை நகர்த்தவே போனது. அந்த 10 டன்னைப் பற்றி ஆலைக்குப் புதிதாகத் தெரிய ஒன்றுமில்லை. நேற்றும் 10 டன், இன்றும் 10 டன். குறைவாக ஏற்றினால் இன்னும் மோசம்: ஒரு டன் குலையோடு போனாலும் லோரி அதே 10 டன்தான்.

ஏஎம் ஒலிபரப்பில் கேரியர் அந்த வெறும் லோரி. குரல்தான் குலை. இதில் ஒரு வேடிக்கை என்னவென்றால், 10க்கு 5 என்ற விகிதம் நான் வசதிக்குச் சொன்னதில்லை. ஏஎம் முழு அளவில் இயங்கும்போது கேரியருக்கும் குரலுக்கும் பவர் சரியாக இந்த விகிதத்தில்தான் பிரிகிறது. ஏன் என்பது கீழே வருகிறது.

லோரி உதாரணம் இதற்கு மேல் உதவாது. லோரி இல்லாமல் குலை ஆலைக்குப் போகாது. ரேடியோவில் கேரியர் இல்லாமலும் குரல் போகும். எப்படி என்று பார்க்க லோரியை விட்டு இறங்க வேண்டியதுதான்.

## திரையில் தெரியும் மூன்று கோடுகள்

ஒரு டிரான்ஸ்மிட்டர் 7100 கிலோஹெர்ட்ஸில் ஒரே சீராக அலை அனுப்பிக்கொண்டிருக்கிறது. அதன் உயரம் மாறவில்லை, அதிர்வெண் மாறவில்லை. இதுதான் கேரியர், தமிழில் ஊர்தி அலை. இதில் எந்தச் செய்தியும் இல்லை.

இப்போது மைக்கில் 1000 ஹெர்ட்ஸ் விசில் ஒன்றை ஊதுகிறோம். அந்த விசிலின் ஏற்ற இறக்கத்துக்கு ஏற்ப, அலையின் உயரம் வினாடிக்கு 1000 முறை கூடிக் குறைகிறது. இப்படி ஓர் அலையின் உயரத்தில் செய்தியை ஏற்றுவதற்கு அலைவீச்சுப் பண்பேற்றம் என்று பெயர். ஏஎம் என்பது அதுதான்.

பெரும்பாலானவர்கள் இங்கேயே நின்றுவிடுகிறார்கள். "கேரியர் கூடிக் குறைகிறது, ஆகவே குரல் கேரியரில் இருக்கிறது" என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். ஆனால் உயரம் மாறிக்கொண்டே இருக்கும் ஓர் அலையை ஒரே அதிர்வெண் கொண்ட அலை என்று சொல்ல முடியாது. அதைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே மூன்று அலைகள் இருக்கும்:

```
7099 kHz    7100 kHz    7101 kHz
```

நடுவில் இருப்பது கேரியர். 1 கிலோஹெர்ட்ஸ் கீழே ஒன்று, மேலே ஒன்று. இந்த இரண்டும் எங்கிருந்து வந்தன? உயரத்தைக் கூட்டிக் குறைப்பது என்றால் கணக்கில் ஓர் அலையை இன்னோர் அலையால் பெருக்குவது. பள்ளியில் படித்த திரிகோணமிதி இதைச் சொல்கிறது:

```
cos A × cos B = ½ cos(A − B) + ½ cos(A + B)
```

A என்பது கேரியர், B என்பது விசில். பெருக்கினால் கழித்தலும் கூட்டலும் தாமாகவே வந்துவிடுகின்றன. விசிலுக்குப் பதிலாக மனிதக் குரல் என்றால், தொலைபேசித் தரத்தில் சுமார் 300 முதல் 3000 ஹெர்ட்ஸ் வரை பல அதிர்வெண்கள் ஒரே நேரத்தில் இருக்கும். அப்போது இரண்டு பக்கமும் ஒற்றைக் கோடுகளாக இல்லாமல் அகன்ற பட்டைகளாகத் தெரியும். இவைதான் பக்கப்பட்டைகள். கீழே இருப்பது கீழ்ப் பக்கப்பட்டை, மேலே இருப்பது மேல் பக்கப்பட்டை. கண்ணாடியில் பார்த்ததுபோல ஒன்று மற்றதன் நேர்ப் பிரதி.

கணக்கு பிடிக்காதவர்கள் கண்ணாலேயே பார்த்துக்கொள்ளலாம். யூஎஸ்பியில் செருகும் சின்ன எஸ்டிஆர் ரிசீவர் ஒன்றை மடிக்கணினியில் மாட்டி, இரவில் ஒரு மீடியம் வேவ் நிலையத்தைத் திரையில் கொண்டுவாருங்கள். மீடியம் வேவ் கேட்கக்கூடிய ரிசீவராக இருக்க வேண்டும், மலிவான சில எஸ்டிஆர்கள் அவ்வளவு கீழே இறங்காது. நடுவில் ஒரு பிரகாசமான கோடு மேலிருந்து கீழாக இறங்கிக்கொண்டிருக்கும். அறிவிப்பாளர் பேசும்போது அதன் இரண்டு பக்கமும் இறகு விரிவதுபோல ஒளி பரவும், இடதும் வலதும் ஒரே மாதிரி. அவர் மூச்சு விடும் இடைவெளியில் இறகுகள் மறைந்துவிடும். நடுக்கோட்டை மட்டும் கவனியுங்கள். அவர் பேசினாலும் நிறுத்தினாலும் அதன் பிரகாசம் அப்படியே இருக்கும். குரல் அந்தக் கோட்டில் இல்லை என்பதற்கு இதைவிட நேரடியான சாட்சி எனக்குத் தெரியாது.

இதுவரை வந்ததைச் சேர்த்துப் பார்ப்போம். சாதாரண ஏஎம்மில் மூன்று பங்குகள் உண்டு: மாறாத கேரியர், குரலின் ஒரு பிரதி, அதே குரலின் இன்னொரு பிரதி. இதன் முழுப்பெயர் கேரியருடன் கூடிய இரட்டைப் பக்கப்பட்டை. கேரியரையும் ஒரு பிரதியையும் எடுத்துவிட்டு மற்றப் பிரதியை மட்டும் அனுப்பினால் அது ஒற்றைப் பக்கப்பட்டை, அதாவது எஸ்எஸ்பி.

## 100 வாட் பெட்டி ஏன் 25 வாட்டில் நிற்கிறது?

புதிதாக ரேடியோப் பெட்டி வாங்குகிறவர்கள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு.

"அண்ணே, 100 வாட் பெட்டின்னு சொல்லித்தான் கொடுத்தாங்க. எஸ்எஸ்பியில மேல் பக்கப்பட்டைக்கு உள்ள `USB`-ல வச்சா 100 போகுது. `AM`-க்கு மாத்தினா 25-க்கு மேல ஏறவே மாட்டேங்குது. பழுதா?"

"பழுதில்ல தம்பி. கையேட்டுல கடைசிப் பக்கத்தப் பாரு, அதுலயே 25னுதான் போட்டிருக்கும்."

போட்டிருக்கும். சந்தையில் உள்ள 100 வாட் ஹெச்எஃப் எனும் சிற்றலைப் பெட்டிகள் பெரும்பாலானவற்றில் ஏஎம் கேரியர் 25 வாட் என்றுதான் குறிக்கப்பட்டிருக்கும். கேரியரை விடுவதால் என்ன கிடைக்கிறது என்ற முழுக் கதையும் இந்த இரண்டு எண்களுக்குள் இருக்கிறது. நிதானமாகப் பிரித்துப் பார்ப்போம்.

கேரியரின் வோல்ட்டேஜை 1 என்று கொள்வோம். முழு அளவுப் பண்பேற்றம் என்றால், குரலின் உச்சத்தில் அலை இரண்டு மடங்காக உயர வேண்டும், பள்ளத்தில் பூஜ்யத்தைத் தொட வேண்டும். அதற்கு ஒவ்வொரு பக்கப்பட்டையின் வோல்ட்டேஜும் ½ இருந்தால் போதும். மூன்றும் ஒரே திசையில் சேரும் கணத்தில் 1 + ½ + ½ = 2. எதிர்த்திசையில் சேரும் கணத்தில் 1 − ½ − ½ = 0.

பவர் வோல்ட்டேஜின் இருபடியைப் பொறுத்தது. வோல்ட்டேஜ் பாதி என்றால் பவர் கால் பங்கு. கேரியர் 25 வாட் என்றால் ஒவ்வொரு பக்கப்பட்டையும் 6.25 வாட், இரண்டும் சேர்ந்து 12.5. ஆக மொத்தம் 37.5 வாட். இதில் மூன்றில் இரண்டு பங்கு கேரியர், மூன்றில் ஒரு பங்குதான் குரல். 10 டன் லோரி, 5 டன் குலை.

இப்போது உச்சக் கணத்தைப் பாருங்கள். வோல்ட்டேஜ் 2 மடங்கு என்றால் பவர் 4 மடங்கு: 25 × 4 = 100 வாட். குரலின் உச்சத்தில் ஒரு டிரான்ஸ்மிட்டர் கொடுக்கும் பவருக்கு உச்ச உறைப் பவர் என்று பெயர், ரேடியோக்காரர்கள் பிஇபி என்பார்கள். பெட்டியின் கடைசிக்கட்ட டிரான்சிஸ்டர்களால் 100 வாட் உச்சத்துக்கு மேல் தாங்க முடியாது. அதனால்தான் கேரியரை 25-ல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பெட்டி ஏஎம்மிலும் 100 வாட்டைத் தொடத்தான் செய்கிறது. கண நேரம் மட்டும் தொடுவதால் சாதாரண மீட்டர் அதைக் காட்டுவதில்லை.

அதே டிரான்சிஸ்டர்களை எஸ்எஸ்பியில் ஓட்டினால் நடுவில் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் கேரியர் கிடையாது. 100 வாட் உச்சம் முழுவதும் ஒரே ஒரு பக்கப்பட்டைக்குப் போகலாம். ஏஎம்மில் குரலுக்குக் கிடைத்தது 12.5 வாட், இங்கே 100. எட்டு மடங்கு, டெசிபெல் கணக்கில் 9. சிக்னலின் பலத்தைக் காட்டும் கேட்பவரின் எஸ்-மீட்டரில் ஒரு பிரிவு என்பது 6 டெசிபெல், ஆகவே ஒன்றரைப் பிரிவு. மங்கலாகக் கேட்கும் நிலையத்தில் "ஏதோ பேசுகிறார்" என்பதற்கும் "நிலைய அழைப்புக் குறியீடு விளங்கியது" என்பதற்கும் இடையில் இந்த ஒன்றரைப் பிரிவு நிற்கும்.

இன்னும் ஒன்று. 12.5 என்பதே முழு அளவு விசிலுக்கான கணக்கு. நாம் பேசும்போது பெரும்பாலான நேரம் அந்த உச்சத்துக்கு வெகு கீழேதான் இருக்கிறோம். பண்பேற்றம் 30 விழுக்காடு என்றால் இரண்டு பக்கப்பட்டைகளும் சேர்ந்து ஒரு வாட்டுக்குக் கொஞ்சம் மேலே, 1.1 வாட். கேரியர் மட்டும் அதே 25. அனுப்பும் பவரில் சுமார் 4 விழுக்காடுதான் குரல். பேச்சை நிறுத்தி யோசித்தால் குரல் பூஜ்யம், கேரியர் அப்போதும் 25.

## கேரியரை எப்படி இல்லாமல் ஆக்குகிறார்கள்?

அனுப்பிய பிறகு கேரியரை அறுத்தெடுப்பதில்லை. பவர் ஆம்ப்ளிஃபயருக்குப் போகும் முன்பே, சில மில்லிவாட் அளவில் இருக்கும்போதே அதை அழித்துவிடுகிறார்கள். மிச்சம் பிடிக்கும் இடமும் அதுதான். பெரிதாக்கிய பிறகு வடிகட்டினால் பவர் எல்லாம் வடிகட்டியில் சூடாகத்தான் போகும்.

இந்த வேலையைச் செய்யும் சர்க்யூட் சமன்பண்பேற்றி. அதற்குள் இரண்டு சமமான பாதைகள். கேரியர் இரண்டிலும் எதிரெதிராக நுழைந்து, வெளியே வரும் இடத்தில் ஒன்றை ஒன்று அடித்துவிடுகிறது. மைக்கில் சத்தம் இல்லை என்றால் வெளியே ஒன்றும் வராது. குரல் வந்தால் அது அந்தச் சமநிலையைக் கணத்துக்குக் கணம் குலைக்கும். குலைந்த அளவுக்கு மட்டும் அலை வெளியே வரும். அப்படி வருவது இரண்டு பக்கப்பட்டைகள் மட்டுமே, நடுவில் கேரியர் இல்லை.

முழுமையான அழிப்பு நடைமுறையில் கிடையாது. 40 டெசிபெல் அழிப்பு என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்கு மிச்சமிருக்கும். 100 வாட் பெட்டியில் அது 10 மில்லிவாட். யாருக்கும் தொந்தரவில்லை.

அடுத்தது ஒரு பக்கத்தை வெட்டுவது. இதற்குக் குவார்ட்ஸ் படிகங்களால் செய்த வடிகட்டி. சுமார் 2.4 அல்லது 2.7 கிலோஹெர்ட்ஸ் அகலமுள்ளதை மட்டும் விட்டு மற்றதைத் தடுக்கும். குரலில் 300 ஹெர்ட்ஸுக்குக் கீழே நமக்குத் தேவையானது அதிகமில்லை என்பதால் இரண்டு பக்கப்பட்டைகளுக்கும் நடுவில் 600 ஹெர்ட்ஸ் காலி இடம் கிடைக்கிறது. வடிகட்டியின் ஓரம் அந்தக் காலி இடத்தில் விழுந்துவிடுவதால்தான் இது சாத்தியம். இப்போதைய பெட்டிகளில் இந்த வேலையையெல்லாம் சில்லுக்குள் கணக்காகவே செய்துவிடுகிறார்கள். நடப்பது அதேதான்.

இது புது யோசனையும் இல்லை. அமெரிக்கப் பொறியாளர் ஜான் ரென்ஷா கார்சன் 1915-லேயே இதற்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். 1927 ஜனவரியில் நியூயார்க்குக்கும் லண்டனுக்கும் இடையே தொடங்கிய ரேடியோ தொலைபேசிச் சேவை, கேரியரை விட்டுவிட்டு ஒரே பக்கப்பட்டையில்தான் அட்லாண்டிக்கைக் கடந்தது.

## சரி, இரண்டு பக்கத்தையும் வைத்துக்கொண்டால் என்ன?

தொடக்கத்தில் வைத்த கேள்வி. கேரியரை மட்டும் எடுத்துவிட்டு இரண்டு பக்கப்பட்டைகளையும் அனுப்பலாம். பெயர், கேரியர் ஒடுக்கிய இரட்டைப் பக்கப்பட்டை. கடையில் பேசுகிறவர்கள் சொல்வது சரியென்றால் இதில் பவர் பாதி வீணாக வேண்டும். கணக்குப் போட்டால் அப்படி வரவில்லை.

இரண்டு பக்கப்பட்டைகளிலும் ஒரே குரல் இருக்கிறது. ரிசீவர் இரண்டையும் சரியாக ஒன்றின்மேல் ஒன்று பொருத்தினால் வோல்ட்டேஜ் இரண்டும் கூடும். அதனால் குரல் பலமாகும். அதே சமயம் இரண்டு மடங்கு அகலமான ஜன்னலைத் திறந்து வைத்திருப்பதால் இரைச்சலும் இரண்டு மடங்கு உள்ளே வரும். ஒன்றுக்கொன்று ஈடாகி, சராசரியாக 10 வாட்டை இரண்டு பக்கமாகப் பிரித்து அனுப்பினாலும் ஒரே பக்கமாக அனுப்பினாலும் குரலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம் ஒன்றேதான். ஆக, சராசரிப் பவரைப் பொறுத்தவரை இரண்டாவது பிரதி தண்டச் செலவில்லை. கேரியர்தான் தண்டச் செலவு.

அப்புறம் எதற்கு வெட்டுகிறார்கள்? இரண்டு காரணம். முதலாவது இடம். 3 கிலோஹெர்ட்ஸ் குரலுக்கு இரட்டைப் பக்கம் 6 கிலோஹெர்ட்ஸ் எடுத்துக்கொள்ளும், ஒற்றைக்கு 3 போதும். அமெச்சூர்களான நமக்கு 40 மீட்டர் அலைவரிசைப் பட்டையில் 7000 முதல் 7200 வரை மொத்தமே 200 கிலோஹெர்ட்ஸ்தான். வாரக் கடைசி மாலையில் இந்தோனேசியா, தாய்லாந்து, ஜப்பான் எல்லாம் அதற்குள் அடித்துப்பிடித்து உட்கார்ந்திருக்கும்போது, ஓர் ஆளுக்கு எவ்வளவு இடம் என்பது பெரிய விஷயம்.

இரண்டாவது காரணம்தான் எனக்குச் சுவாரசியமானது. அது ரிசீவரில் இருக்கிறது.

## கேரியரைத் திருப்பிச் சேர்ப்பது

ஏஎம் ரிசீவருக்கு வேலை மிகச் சுலபம். அலையின் உயரத்தைத் தொடர்ந்து போனாலே குரல் கிடைத்துவிடும். ஒரு டயோடு, ஒரு கெபாசிட்டர் போதும். ரப்பர் மரக் காலத்தில் லயத்து வீடுகளில் ஆணியில் தொங்கிய டிரான்சிஸ்டர் ரேடியோ மலிவாக இருந்ததற்கு இது ஒரு முக்கியக் காரணம். ஒரு நிலையம் கிலோவாட் கணக்கில் கேரியரை வீணாக்கினாலும், கேட்கிற ஆயிரக்கணக்கான பெட்டிகள் ஒவ்வொன்றும் சில ரிங்கிட் மலிவாகும். ஒலிபரப்புக்கு அந்தக் கணக்கு சரிப்பட்டது. இரண்டே பேர் பேசிக்கொள்ளும் இடத்தில் அதே கணக்கு தலைகீழாகிவிடுகிறது.

கேரியர் இல்லாமல் வந்த பக்கப்பட்டையை அந்த டயோடிடம் கொடுத்தால் வாத்து கத்துவதுபோல ஒரு சத்தம்தான் வரும், ஒரு சொல் புரியாது. கீழ்ப் பக்கப்பட்டையில், அதாவது `LSB`-இல் பேசுபவரை `AM`-இல் வைத்துக் கேட்டுப் பாருங்கள், தெரியும். இடையில் நின்றிருக்க வேண்டிய கேரியர் இல்லாததால் எது மேல், எது கீழ் என்று ஒப்பிட அளவுகோல் இல்லை. ஆகவே ரிசீவர் தன்னிடம் உள்ள ஒரு சிறு அலையியற்றியால் கேரியரைத் தானே உண்டாக்கிச் சேர்த்துக்கொள்கிறது. பக்கத்திலேயே இருப்பதால் மில்லிவாட் அளவு போதும். 25 வாட்டை ஜொகூர் பாரு வரை அனுப்பிச் செய்த வேலை, பெட்டிக்குள்ளேயே முடிந்துவிடுகிறது.

சிக்கல் ஒன்றே ஒன்று: உள்ளே உண்டாக்கும் கேரியர் இருக்க வேண்டிய இடத்திலேயே இருக்க வேண்டும். அனுப்புகிறவர் 7100-இல் கீழ்ப் பக்கப்பட்டையில் பேசுகிறார். அவருடைய குரலில் 500, 1000, 1500 ஹெர்ட்ஸ் ஒலிகள் இருக்கின்றன. நீங்கள் தவறுதலாக 7100.2-இல் நிற்கிறீர்கள். எல்லாமே 200 ஹெர்ட்ஸ் ஏறி 700, 1200, 1700 என்று கேட்கும். முன்பு 1000 என்பது 500-இன் இரண்டு மடங்கு, 1500 மூன்று மடங்கு. இப்போது அந்த உறவு அறுந்துவிட்டது. சுருதி கூடினதோடு நிற்காமல் குரல் இயல்பே கெட்டு, கீச்சென்று கேட்பதற்கு இதுதான் காரணம். டயலை மெதுவாகத் திருப்பிக் குரல் மனிதக் குரலாகும் இடத்தில் நிறுத்துவதுதான் எஸ்எஸ்பி கேட்கும் பழக்கம். 20 ஹெர்ட்ஸ் தவறு என்றால் காது கண்டுகொள்ளாது.

இதே 20 ஹெர்ட்ஸ் தவறு இரட்டைப் பக்கத்தில் என்ன செய்யும்? 1000 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு பக்கத்திலிருந்து 1020 ஆகவும், மறுபக்கத்திலிருந்து 980 ஆகவும் வரும். இரண்டும் சேர்ந்து வினாடிக்கு 40 முறை ஒன்றையொன்று கூட்டியும் அழித்தும் கரகரக்கும். அதைத் தவிர்க்க வேண்டுமானால் ரிசீவரின் கேரியர் அனுப்புகிறவரின் கேரியரோடு அதிர்வெண்ணில் மட்டுமல்லாமல் அலையின் ஏற்ற இறக்கத்திலும் அடிக்கு அடி ஒத்துப்போக வேண்டும். கையால் டயலைத் திருப்பி அதைச் செய்ய முடியாது. ஒரு பக்கத்தை வெட்டிவிட்டால் "கிட்டத்தட்டச் சரி" என்பதே போதுமானதாகிவிடுகிறது.

ஆகவே வேலைப் பிரிவினை இப்படி: கேரியரை விடுவது பவருக்காக. பக்கத்தை வெட்டுவது இடத்துக்காகவும், டயலைத் திருப்புபவரின் வசதிக்காகவும்.

## பேட்டரியில் எவ்வளவு மிச்சம்?

மழைக்காலத்தில் கரண்ட் போய், லோரி பேட்டரி ஒன்றில் பெட்டியை ஓட்டுவதாக வைத்துக்கொள்வோம். 100 ஆம்பியர்-மணி, அதில் பாதியைத்தான் எடுக்கலாம். மேலே போட்ட கணக்குப்படி 25 வாட் கேரியர் ஏஎம் கொடுத்த பலனை 12.5 வாட் உச்சமுள்ள எஸ்எஸ்பியே கொடுத்துவிட வேண்டும். அப்படியானால் பேட்டரியும் எட்டு மடங்கு நேரம் வருமா?

வராது. 100 வாட்டுக்குச் செய்த ஆம்ப்ளிஃபயர், முழு உச்சத்தில் சுமார் 50 விழுக்காடு திறனோடு ஓடுகிறது என்றால், வோல்ட்டேஜ் பாதியாகும் 25 வாட்டில் திறனும் ஏறக்குறைய பாதியாகிவிடும். 25 வாட் வெளியே போக 100 வாட் உள்ளே வேண்டும், மீதி 75 வாட் பின்னால் உள்ள அலுமினியத் தகட்டில் சூடாகும். ஏஎம்மில் நீளப் பேசினால் விசிறி ஓயாமல் கத்துவது இதனால்தான். 12.5 வோல்ட்டில் அது 8 ஆம்பியர், பெட்டியின் மற்ற சர்க்யூட்டுகளுக்கு 2. ஆக 10 ஆம்பியர், பேசினாலும் பேசாவிட்டாலும்.

அதே பெட்டியை எஸ்எஸ்பியில் 12.5 வாட்டுக்கு இறக்கி வைத்தால், பொத்தானை அழுத்திச் சும்மா இருக்கும்போதே 3, 4 ஆம்பியர் போகும். டிரான்சிஸ்டர்கள் குரலை நெளிக்காமல் பெரிதாக்க, எந்நேரமும் கொஞ்சம் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். குரல் உச்சத்தில் 7 அல்லது 8-ஐத் தொடும், சராசரி 5 வரலாம். 10-க்கு எதிரே 5. எட்டு மடங்கு எதிர்பார்த்தவருக்கு இரண்டு மடங்குதான் கிடைக்கிறது. அலையில் மிச்சமானது எல்லாம் பேட்டரியில் மிச்சமாவதில்லை. 10 வாட்டுக்கென்றே செய்த சின்னப் பெட்டி என்றால் இன்னும் நன்றாக இருக்கும். பெரிய பெட்டியை இறக்கி ஓட்டுவதைவிட அதுதான் புத்திசாலித்தனம் என்பது என் கருத்து.

இல்லை, பெட்டியை 100-இலேயே விட்டுப் பேசுவேன் என்றால், ஏஎம்முக்கு ஆன அதே அளவு பேட்டரிச் செலவில் எட்டு மடங்கு பலமான குரல் போகும். மிச்சத்தை எப்படி எடுத்துக்கொள்வது என்பது அவரவர் தேவை.

ஆம்பியர் மீட்டர் ஒன்றை வயரில் மாட்டிப் பார்ப்பது நல்லது. `AM`-இல் பொத்தானை அழுத்தியதும் முள் ஏறி ஓரிடத்தில் நிற்கும், பேச்சுக்குக் கொஞ்சமே அசையும். `LSB`-இல் ஒவ்வொரு சொல்லுக்கும் துள்ளி, சொற்களுக்கு நடுவே கீழே விழும்.

## தப்பு நடக்கும் இரண்டு இடங்கள்

முதலாவது மீட்டரை நம்புவது. எஸ்எஸ்பியில் பேசும்போது சாதாரண வாட் மீட்டர் 20, 30-ஐத்தான் காட்டும். பேச்சின் சராசரி அவ்வளவுதான், உச்சம் 100-ஐத் தொட்டுவிட்டு வந்திருக்கும். "100 காட்டவில்லையே" என்று மைக் கெயினை முறுக்கினால் உச்சங்கள் மழுங்கி, குரல் தன் 3 கிலோஹெர்ட்ஸைத் தாண்டிப் பக்கத்தில் பேசுபவர்மேல் சிதறும். அதைக் கண்டுபிடிப்பவர் எப்போதும் பக்கத்து அலைவரிசைக்காரர்தான், பேசுபவருக்குத் தெரியாது. உச்சத்தைக் காட்டும் மீட்டரை வாங்குங்கள், அல்லது உச்சம் மிஞ்சுகிறதா என்று காட்டும், பெட்டியிலுள்ள `ALC` முள் அதன் எல்லைக்குள் நிற்கும்படி பேசுங்கள்.

இரண்டாவது, அழித்த கேரியர் திரும்பி எட்டிப் பார்ப்பது. பழைய பெட்டிகளில் சமன்பண்பேற்றியின் சமநிலையை ஒரு சின்னத் திருகால் சரிசெய்திருப்பார்கள். வருடக்கணக்கில் சூடாகி ஆறி அது நகர்ந்துவிடும். சோதனை எளிது. ஆன்டெனாவுக்குப் பதிலாகப் பவரைச் சூடாக்கி விழுங்கும் டம்மி லோடில் இணைத்து, மைக் கெயினைப் பூஜ்யமாக்கி, பொத்தானை அழுத்துங்கள். நல்ல பெட்டியில் வாட் மீட்டர் அசையக்கூடாது. அசைந்தால் கேரியர் கசிகிறது. கசிவு மீட்டருக்குத் தெரியாத அளவு சிறிதாக இருந்தால், பக்கத்தில் வேறொரு ரிசீவரை `LSB`-இல் வைத்து, ஒரு கிலோஹெர்ட்ஸ் மேலே தள்ளிக் கேளுங்கள். பக்கத்திலேயே இருப்பதால் நல்ல பெட்டியிலும் மெல்லிய விசில் கேட்கும். கசியும் பெட்டியில் அது பேச்சுக்குச் சமமாக உரக்கக் கேட்கும். திருகை இரண்டு பக்கமும் மெல்லத் திருப்பினால் ஓரிடத்தில் விசில் தாழ்ந்து போய், தாண்டினால் மறுபடியும் ஏறும். அந்தத் தாழ்ந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பெட்டி நன்றாகச் சூடான பிறகு இன்னொரு முறை பார்த்துக்கொள்ளுங்கள்.